மண்டபத்துக்குப் போகும் பென் டிரைவ்

பென் டிரைவில் உள்ள வீடியோவைப் புரொஜெக்டர் ஓட்டுவதில்லை. தன்னிடம் வந்து சேரும் படத்தை ஒளியாக்கித் திரையில் விழச் செய்வது மட்டுமே அதன் வேலை. கோப்பைத் திறப்பது, சுருக்கிவைத்த படத்தை விரிப்பது, ஒலியைப் பிரித்து அனுப்புவது எல்லாம் வேறொரு கருவியின் பொறுப்பு. அந்தக் கருவி மண்டபத்து அலுவலக லேப்டாப்பாக இருக்கலாம். மைக்செட்காரர் கொண்டுவரும் சின்ன மீடியா பிளேயராக இருக்கலாம். புரொஜெக்டரின் உடம்புக்குள்ளேயே பொருத்தப்பட்ட ஒரு சில்லாகவும் இருக்கலாம். லேப்டாப் என்றால் கவலை குறைவு. எப்படிப்பட்ட கோப்பாக இருந்தாலும் ஏதாவது ஒரு மென்பொருள் திறந்துவிடும். சில்லும் பிளேயரும் அப்படியல்ல. தயாரிக்கப்பட்ட அன்று அவற்றுக்கு எது தெரிந்ததோ அதுதான் இன்றைக்கும் தெரியும். எது காத்திருக்கிறது என்று முன்கூட்டியே தெரியாதபோது, இருப்பதிலேயே பலவீனமான கருவிக்கு ஏற்றபடி வீடியோவைத் தயாரிப்பதுதான் வழி. பலவீனமானது ஓட்டிவிட்டால் மற்றவையும் ஓட்டிவிடும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். மணிவிழா ஒன்றுக்காக அறுபது ஆண்டுப் புகைப்படங்களையும் உறவினர்கள் செல்போனில் பேசி அனுப்பிய வாழ்த்துகளையும் கோத்து 14 நிமிட வீடியோ ஒன்று தயாராகியிருக்கிறது. எடிட் செய்தது ஆப்பிள் கணினியில். மென்பொருள் தானாகக் காட்டிய தேர்வை ஏற்றுக்கொண்டதால், வெளிவந்தது 4K அளவில், HEVC முறையில் சுருக்கப்பட்ட `.mov` கோப்பு. நொடிக்கு 60 மெகாபிட் வேகம். மொத்தம் ஏறக்குறைய 6.3 ஜிபி. வீட்டுக் கணினியில் பார்க்க அற்புதமாக இருக்கிறது. மண்டபத்தில் அது ஓடாமல் போவதற்கு, கோப்பின் அளவில் தொடங்கி ஒலி வரை பல காரணங்கள் இருக்கின்றன.

முதல் தடை பென் டிரைவிலேயே இருக்கிறது. டிரைவ் எந்த முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே ஒரு கருவி அதைப் படிக்கும் அல்லது காலி என்று சொல்லும். ஆப்பிள் கணினிக்கே உரிய முறைகளை மண்டபத்துக் கருவிகள் படிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. விண்டோஸின் NTFS முறையைச் சில பிளேயர்கள் படிக்கும், சில படிக்காது. exFAT 2006-இல் வந்தது. பழைய கருவிகள் பலவற்றுக்கு அது பழக்கமில்லை. ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் படிக்கக்கூடியது FAT32 ஒன்றுதான். அதற்கும் ஒரு வரம்பு உண்டு: 4 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட தனிக் கோப்பு எதையும் அது ஏற்காது. மேலே சொன்ன 6.3 ஜிபி கோப்பை அதில் போட முயன்றால், டிரைவில் இடம் தாராளமாக இருந்தாலும் `too large for the destination file system` என்று விண்டோஸ் மறுத்துவிடும். அந்த நேரத்தில் பலரும் டிரைவை exFAT முறைக்கு மாற்றிக் கோப்பைப் போட்டுவிடுகிறார்கள். அதாவது சிக்கலை வீட்டிலிருந்து மண்டபத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். மாற்ற வேண்டியது கோப்பை.

டிரைவ் 16 அல்லது 32 ஜிபி அளவில் இருந்தால் போதும். அதைவிடப் பெரிதாக இருந்தால், விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் பெட்டியில் FAT32 என்ற தேர்வே தென்படாமல் போகலாம். ஆப்பிள் கணினியில் ஃபார்மட் செய்பவர்கள் `MS-DOS (FAT)` என்பதோடு நிறுத்திவிடாமல், `Scheme` என்ற இடத்தில் `Master Boot Record` என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே வேறு முறை இருந்தால், டிரைவ் FAT32-ஆகவே இருந்தாலும் பழைய பிளேயர் அதைக் கண்டுகொள்ளாது.

அடுத்தது கோப்பு. இன்றைய நிலையில் மிகப் பரவலாக ஓடும் சேர்க்கை எது என்பதில் குழப்பமில்லை: MP4 என்ற உறைக்குள் H.264 முறையில் சுருக்கிய படம், AAC முறையில் சுருக்கிய ஸ்டீரியோ ஒலி. HEVC அதைவிடப் புதியது. அதே தரத்தைக் குறைந்த இடத்தில் அடக்கும். ஆனால் பழைய சில்லுக்கு அதை விரிக்கத் தெரியாது. ஒலி மட்டும் கேட்டுத் திரை கறுப்பாகவே இருந்தால், பெரும்பாலும் காரணம் இதுதான். H.264 என்று தேர்ந்தெடுத்துவிட்டால் மட்டும் போதாது. அதற்குள்ளும் வகைகள் உண்டு. வண்ணத்தை 10 பிட்டில் பதிந்த கோப்பு, பெயரளவில் H.264 என்றாலும் பிளேயர்களில் ஓடாது. 8 பிட், 4:2:0 என்பதே பாதுகாப்பான வகை.

படத்தின் அளவு 1920×1080. இதற்கு மேல் போவதில் லாபமே இல்லை. மண்டபங்களில் இன்னும் 1024×768 புள்ளிகள் கொண்ட புரொஜெக்டர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, 800×600-உம் மறைந்துவிடவில்லை. நொடிக்கு 25 அல்லது 30 சட்டகங்கள் இருக்கலாம். 50, 60 வேண்டாம். 1080 அளவில் அந்த வேகத்தை விரிக்க முடியாத பிளேயர்கள் உண்டு. நொடிக்கு 8 மெகாபிட் என்ற வேகம் பெரிய திரைக்கும் போதுமானது. கணக்கும் எளிது: 14 நிமிடம் என்பது 840 நொடி. நொடிக்கு 8 மெகாபிட் படமும் 0.2 மெகாபிட் ஒலியும் சேர்ந்தால் ஏறத்தாழ 6,890 மெகாபிட். அதை எட்டால் வகுத்தால் 860 எம்பி. FAT32-இன் வரம்புக்குள் இது சாதாரணமாக அடங்கிவிடும். இதே வேகத்தில் ஒரு மணி நேர வீடியோவும் 4 ஜிபியைத் தாண்டாது.

செல்போனில் எடுத்த துண்டுகள் தனிக் கவனம் கேட்பவை. போன் ஒரே சீரான வேகத்தில் படம் பிடிப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் சட்டகங்களின் எண்ணிக்கையைத் தானே குறைத்துக்கொள்ளும். இந்த ஏற்ற இறக்கத்தைச் சில எடிட்டிங் மென்பொருள்கள் சரியாகக் கையாளாததால், தொடக்கத்தில் பொருந்தியிருக்கும் உதட்டசைவும் குரலும் போகப்போக விலகும். அப்படிப்பட்ட துண்டுகளை எடிட்டிங்குக்கு முன்பே சீரான வேகத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது. கடைசியில் வெளிவரும் கோப்பும் சீரான வேகத்தில்தான் இருக்க வேண்டும்.

எடிட்டிங் மென்பொருளிலேயே இந்த அளவுகளைக் கொடுத்து வெளியே எடுக்கலாம். கையில் முடிந்த கோப்பு மட்டுமே இருக்கிறது என்றால், இலவசமாகக் கிடைக்கும் ffmpeg இந்த ஒரே கட்டளையில் மாற்றித் தரும்:

```
ffmpeg -i manivizha.mov -vf "scale=1920:1080,fps=30" \
 -c:v libx264 -profile:v high -level 4.0 -pix_fmt yuv420p \
 -b:v 8M -maxrate 10M -bufsize 10M \
 -c:a aac -b:a 192k -ar 48000 -ac 2 01_MANIVIZHA.mp4
```

மூலக் கோப்பு 16:9 வடிவில் இருக்கிறது என்ற அனுமானத்தில் எழுதிய கட்டளை இது. வந்த கோப்பை மீடியாஇன்ஃபோ என்ற மென்பொருளில் திறந்தால் `AVC`, `High@L4`, `4:2:0`, `8 bits`, `Constant` என்ற சொற்கள் தென்பட வேண்டும். ஐந்தும் இருந்தால் கோப்பைப் பற்றிய கவலை தீர்ந்தது.

பெயரில் தமிழ் எழுத்தும் இடைவெளியும் வேண்டாம். தமிழில் பெயர் வைத்தால் சில பிளேயர்கள் வெறும் கட்டங்களாகக் காட்டும்; சில, கோப்பையே பட்டியலில் காட்டாது. ஆங்கில எழுத்துகளில் சிறிய பெயரும் முன்னால் வரிசை எண்ணும் போதும். ஆப்பிள் கணினி இன்னொரு வேடிக்கையும் செய்யும். நகலெடுக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் `._01_MANIVIZHA.mp4` என்பதுபோல ஒரு நிழல் கோப்பைப் போட்டுவைக்கும். கணினியில் அது கண்ணுக்குத் தெரியாது. மண்டபத்துப் பிளேயரிலோ ஒரே பெயரில் இரண்டு வீடியோக்கள் இருப்பதுபோலத் தெரியும். இயக்குபவர் முதலில் இருப்பதை அழுத்துவார், அது ஓடாது, டிரைவே பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். டிரைவின் பெயர் `VIZHA` என்றால் `dot_clean -m /Volumes/VIZHA` என்ற கட்டளை இந்த நிழல்களை நீக்கிவிடும்.

படம் திரையில் எப்படித் தெரியும் என்பது வேறு கதை. புரொஜெக்டரால் கறுப்பைக் காட்டவே முடியாது. ஒளி விழாத இடம், மண்டபத்து விளக்கொளியில் வெள்ளைத் திரை எந்த நிறமோ அந்த நிறம்தான். சாப்பாட்டுக் கூடத்துக் கதவு திறந்திருந்து, மேடை விளக்கும் எரிந்தால், கறுப்பு என்பது வெளிர்சாம்பலாகிவிடும். அதனால் இருட்டான படங்களே முதலில் அடிபடும். பழைய கல்யாணப் படத்தில் கறுப்புக் கோட்டும் பின்னால் இருக்கும் நிழலும் ஒன்றாகிவிடும். இத்தகைய படங்களில் நடுத்தர ஒளியைக் கொஞ்சம் தூக்கிவைக்க வேண்டும். வீட்டுக் கணினியில் சற்றே வெளுப்பாகத் தெரிந்தால் மண்டபத்துக்குச் சரியாக இருக்கும்.

எழுத்துகளுக்கும் இதே கதி. 16:9 வடிவ வீடியோ 800×600 புரொஜெக்டரில் ஓடும்போது, மேலும் கீழும் கறுப்புப் பட்டை போக 450 வரிகள்தான் படத்துக்குக் கிடைக்கும். எடிட்டிங்கில் 40 புள்ளி உயரத்தில் வைத்த எழுத்து அங்கே 17 புள்ளியாகச் சுருங்கிவிடும். தமிழில் இது பெரிய சேதம். மெல்லிய எழுத்துருவில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. அடுத்து இகர ஈகாரச் சுழிகள் ஒன்றுபோல ஆகிவிடும். கடைசி வரிசையில் இருப்பவர் பெயர்களைப் படிக்க வேண்டுமானால், எழுத்தின் உயரம் திரை உயரத்தில் பதினைந்தில் ஒரு பங்காவது, அதாவது 70 புள்ளிக்கு மேல் இருக்க வேண்டும். தடித்த எழுத்துரு, இருண்ட பின்னணியில் வெள்ளை எழுத்து, நான்கு ஓரங்களிலும் பத்தில் ஒரு பங்கு இடம் காலி. ஓரத்தை விடச் சொல்வதற்குக் காரணம் உண்டு: சில கருவிகள் படத்தின் விளிம்பை வெட்டிவிடும், சில மண்டபங்களில் திரையைவிடப் படம் பெரிதாக விழுந்து பக்கத்துத் துணித் தோரணத்தின் மேல் போய்விடும்.

வீடியோவின் முதல் ஐந்து நொடி ஒலியில்லாத கறுப்பாக இருக்கட்டும். ஓடத் தொடங்கியதும் பிளேயரின் கட்டுப்பாட்டுப் பட்டையும், புரொஜெக்டரின் `HDMI 1` போன்ற அறிவிப்பும் திரையில் சில நொடி நிற்கும். தொடக்கத்திலேயே தலைப்பு வந்தால் அது அவற்றின் அடியில் மாட்டிக்கொள்ளும். முடிவில் அரை நிமிடமாவது அசையாத ஒரு படம் வேண்டும். இல்லையென்றால் கடைசிக் காட்சி முடிந்த நொடியே கோப்புப் பட்டியல் திரையில் விரியும். சில பிளேயர்கள் அதே வீடியோவை மறுபடி தொடக்கத்திலிருந்து ஓட்டும். அந்த அரை நிமிடத்தில் இயக்குபவர் ஓடிவந்து நிறுத்திவிடலாம்.

இவ்வளவும் சரியாக அமைந்த பிறகும் கெட்டுப்போவது ஒலிதான். பென் டிரைவைப் புரொஜெக்டரிலேயே செருகினால் ஒலியும் புரொஜெக்டரிலிருந்துதான் வரும். அதன் உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் வகுப்பறைக்குப் போதும், முந்நூறு பேர் பேசிக்கொண்டிருக்கும் மண்டபத்துக்குப் போதாது. அதன் ஒலித் துளையிலிருந்து மைக்செட் மிக்சர் வரை நீளமான கேபிள் வேண்டும். புரொஜெக்டர் நடுக்கூடத்திலும் மிக்சர் மேடை ஓரத்திலும் இருக்கும். இதை முந்தின நாளே மைக்செட்காரரிடம் சொல்லிவைக்க வேண்டும்.

கேபிள் கிடைத்த பிறகும் ஒரு விபரீதம் நடக்கலாம். பின்னணி இசை கேட்கும். பேசுபவரின் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல மங்கிவிடும், அல்லது அறவே கேட்காது. கோப்பில் குறை என்று எல்லாரும் நினைப்பார்கள். உண்மையில் குறை கேபிளில் இருக்கிறது. லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையில் செருகும் பின்னில் மூன்று பாகங்கள்: நுனியில் இடப்பக்க ஒலி, நடு வளையத்தில் வலப்பக்க ஒலி, அடியில் எர்த். மிக்சரின் பெரிய துளையும் மூன்று பாகப் பின்னை ஏற்கும். ஆனால் அங்கே நுனியும் வளையமும் ஒரே ஒலியின் நேர், எதிர் வடிவங்கள் என்று மிக்சர் எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறது. நீண்ட தூரக் கேபிளில் சேரும் இரைச்சலை நீக்குவதற்காக அமைந்த நல்ல ஏற்பாடு அது. இரு முனையிலும் மூன்று பாகப் பின் உள்ள கேபிளால் லேப்டாப்பை அங்கே இணைத்தால், இடமும் வலமும் ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கப்படும். வீடியோவில் பேச்சுக் குரல் எப்போதும் நடுவில், அதாவது இரு பக்கமும் சமமாக, வைக்கப்பட்டிருக்கும். சமமானதைச் சமமானதிலிருந்து கழித்தால் மிச்சம் பூஜ்யம். இரு பக்கமும் வேறுபடும் இசையும் எதிரொலியும் மட்டும் தப்பிப் பிழைக்கும்.

சரியான கேபிள், ஒரு முனையில் ஸ்டீரியோ பின்னும் மறுமுனையில் இரண்டு தனித்தனி மோனோ பின்களும் கொண்டது. அவை மிக்சரின் இரண்டு சேனல்களில் போகும். விலை அதிகமில்லை, கையோடு எடுத்துப் போகலாம். இடப்பக்கம் மட்டுமே இணைக்கப்பட்ட மண்டபங்களும் உண்டு என்பதால், வீடியோவில் முக்கியமான எதையும் ஒரு பக்கத்தில் மட்டும் வைக்கக் கூடாது. மொத்த ஒலியையும் மோனோவாக்கி இரு பக்கமும் அதையே பதிவதுதான் மண்டபத்துக்குச் சரி. அப்படிச் செய்த கோப்பு தவறான கேபிளில் முழு மௌனமாகிவிடும். அதுவும் நல்லதே: பாதி ஒலி வந்து குழப்புவதைவிட, எதுவுமே வராவிட்டால் உடனே கேபிளைப் பார்ப்பார்கள். மாற்றுக் கேபிள் இல்லாத இடத்துக்காக இரண்டாவது கோப்பு ஒன்றும் தயாராக இருக்கலாம். அதில் மோனோ ஒலி முழுதும் இடப்பக்கம். வலப்பக்கம் வெறும் மௌனம். கழிப்பதற்கு எதுவும் இல்லாததால் அதே கேபிளில் குரல் முழுதாக வந்துவிடும்.

ஒலி அளவிலும் வீட்டுக் காதை நம்பக் கூடாது. எதிரொலிக்கும் கூடத்தில் பின்னணி இசை பேச்சை விழுங்கிவிடும். பேச்சு வரும் இடங்களில் இசையைக் குறைந்தது 15 டெசிபல் தாழ்த்திவைக்க வேண்டும். 5.1 ஒலி வேண்டவே வேண்டாம். அதன் நடுச் சேனலில்தான் பேச்சு இருக்கும், சில கருவிகள் அந்தச் சேனலையே விட்டுவிடும்.

கடைசியாக டிரைவுக்குள் போக வேண்டியவை: `00_TEST.mp4` என்ற அரை நிமிடச் சோதனைக் கோப்பு, முதன்மை வீடியோ, இடப்பக்க ஒலி மட்டும் உள்ள மாற்று. வேறெதுவும் அதில் இருக்கக் கூடாது. சோதனைக் கோப்பை முதன்மை வீடியோவின் அதே அளவுகளில் செய்ய வேண்டும். மாற்றிச் செய்தால் சோதனைக்கே பொருளில்லை. நடுவில் ஒரு வட்டம், நான்கு மூலையிலும் அம்புக்குறி, ஒரு வரி எழுத்து, பின்னணியில் யாரேனும் பேசும் குரல். வட்டம் முட்டையாகத் தெரிந்தால் புரொஜெக்டரின் `Aspect` அமைப்பு தவறு. அம்புக்குறி மறைந்தால் விளிம்பு வெட்டுப்படுகிறது. படம் விட்டுவிட்டு ஓடினால் கருவிக்கு வேகம் போதவில்லை. லேப்டாப்புக்கு மாறிவிட வேண்டும்.

நகலெடுத்ததும் டிரைவை அப்படியே உருவக் கூடாது. `Eject` கொடுத்து எடுத்து, மறுபடி செருகி, டிரைவிலிருந்தே வீடியோவை முழுதும் ஓட்டிப் பார்க்க வேண்டும். போலி அளவு போட்டு விற்கும் டிரைவ்களில் கோப்பின் பின்பாதி வெறுமையாக இருப்பது இப்படித்தான் தெரியவரும். இரண்டாவது சோதனை வீட்டு டிவியின் யூஎஸ்பி துளையில். டிவிக்குள் இருக்கும் சில்லும் புரொஜெக்டருக்குள் இருப்பதும் ஏறக்குறைய ஒரே ஜாதி. பழைய டிவியாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. பிறகு இதேபோல வேறு தயாரிப்பில் இன்னொரு டிரைவ்.

மண்டபத்தில் விருந்தினர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு சோதனைக் கோப்பை ஓட்டிவிட வேண்டும். புரொஜெக்டரில் யூஎஸ்பி துளை இருக்கிறது என்பதால் அது வீடியோ ஓட்டும் என்று பொருளில்லை. சிலவற்றில் அந்தத் துளை மின்சாரம் தருவதற்கு மட்டும். சிலவற்றில் புகைப்படங்களை மட்டும் காட்டும். லேப்டாப் கிடைத்தால் அதுவே மேல். கோப்பை முதலில் லேப்டாப்புக்குள் நகலெடுத்து அங்கிருந்து ஓட்டினால், நடுவில் யாராவது டிரைவைத் தட்டிவிட்டாலும் படம் நிற்காது. எச்டிஎம்ஐ கேபிள் செருகியதும் லேப்டாப் ஒலியைப் புரொஜெக்டருக்கு அனுப்பத் தொடங்கிவிடும். ஒலி அமைப்பில் மீண்டும் ஹெட்ஃபோன் துளையைத் தேர்ந்தெடுத்தால்தான் மைக்செட்டில் கேட்கும். திரை அணையும் நேரத்தையும் அறிவிப்புகளையும் நிறுத்திவைக்க வேண்டும்.

பல கைகள் பட்ட லேப்டாப்களில் பென் டிரைவ் வைரஸ் குடியிருப்பது சகஜம். கோப்புகளை மறைத்துவிட்டு அவற்றின் இடத்தில் ஷார்ட்கட்களை வைக்கும் வகை பரவலாக உண்டு. சோதனைக்கு ஒரு டிரைவைச் செருகிவிட்டு, இரண்டாவதைத் தேவை வரும்வரை பையிலேயே வைத்திருப்பது அதனால்தான். விழா முடிந்து திரும்பிவந்த டிரைவில் எதையும் திறக்காமல், வைரஸ் சோதனை செய்து, மறுபடி ஃபார்மட் செய்துவிடுங்கள்.